ஊறுகாய்ப் பையில் எதற்கு 'சமுதாயம்'?

"சமுதாயப் பெண்களின் கைவினைச் சுவை."

அரியாங்குப்பம் பக்கத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. பன்னிரண்டு பேர். எலுமிச்சை ஊறுகாய், மாங்காய் ஊறுகாய், குழம்பு மிளகாய்த்தூள், இட்லிப் பொடி, தாளிப்பு வடகம் போட்டு விற்கிறார்கள். இதுவரை வெள்ளைப் பையில் பெயர்ச் சீட்டு ஒட்டி விற்றவர்கள், இப்போது வண்ணப் பை அச்சடிக்கப் போகிறார்கள். அந்தப் பையின் நெற்றியில் ஏறப்போகும் வாசகம்தான் மேலே உள்ளது. எழுதிக் கொடுத்தவர் பயிற்சி நடத்த வந்த ஒருவர். அவர் யார், எந்த அலுவலகம் என்பது நமக்கு வேண்டாம். முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு அகராதியைப் பார்த்துத் தமிழாக்கியிருக்கிறார் என்பது வாசகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இந்த வாசகம் அந்தப் பையில் வரக் கூடாது என்பது என் கட்சி. நடை அழகாக இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. அது அந்தப் பெண்களுக்குத் தீங்கு செய்யும். எப்படி என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொல்கிறேன். "பிரெஞ்சு மீடியத்தில் படித்தவருக்குத் தமிழில் தீர்ப்பு சொல்ல என்ன உரிமை?" என்று வழக்கமாகக் கேட்கும் நண்பர்கள் இந்த முறையும் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் தமிழை இலவசமாகப் பெறாதவன், ஒவ்வொரு சொல்லையும் விலை கொடுத்து வாங்கியவன். அதனால் எடை பார்த்துத்தான் வாங்குவேன்.

முதல் சொல் 'சமுதாயம்'.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தனாக இருந்தவன். 'கம்யூனிட்டி' என்ற சொல்லை நம் ஊரில் ஜனங்கள் எங்கே சந்திக்கிறார்கள்? சான்றிதழ் வாங்க வரும்போது சந்திக்கிறார்கள். 'கம்யூனிட்டி சர்ட்டிபிகேட்' என்றால் சாதிச் சான்றிதழ். விண்ணப்பத்தில் 'சமுதாயம்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் யாரும் 'அரியாங்குப்பம் மகளிர்' என்று எழுதுவதில்லை. சாதியின் பெயரைத்தான் எழுதுகிறார்கள். கல்யாண மண்டப வாசலில் 'சமுதாயக் கூடம்' என்று போட்டிருந்தால் மட்டும்தான் அது பொது. "அவர் எந்தச் சமுதாயம்?" என்று ஒருவர் கேட்டால், கேட்கப்படுவது என்ன என்பதில் இந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது: கொம்யூன். அரியாங்குப்பம் கொம்யூன், வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன் என்று இன்றும் பஞ்சாயத்துக் கட்டிடங்களில் எழுதியிருக்கிறது. ஒரே எல்லைக்குள் வாழும் எல்லோரும் சேர்ந்தது கொம்யூன். அதில் பிறப்பு எதுவும் கேட்கப்படுவதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பயிற்சியாளர் மனத்தில் வைத்திருந்த பொருள் ஏறக்குறைய இதுதான். ஆனால் 'கொம்யூன் சுவை' என்று எழுதினால் வீட்டு வரி ரசீது ஞாபகத்துக்கு வரும். ஆக இரண்டு சொல்லுமே ஊறுகாய்க்கு உதவாது. அதில் ஒன்று கேலிக்கு இடமாகும், மற்றது வினையாகும்.

வினை என்று சொன்னேன், அதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் சமைத்த உணவும் சாதியும் தனித்தனிப் பாதையில் போனதில்லை. இன்றைக்கும் கடைத் தெருவில் சாதியின் பெயரையே சுவைக்குச் சான்றாக அச்சடித்து ஊறுகாயும் பொடியும் விற்பதைப் பார்க்கலாம். வாங்குகிறவரும் அதைப் 'பக்குவம்' என்று நினைத்துத்தான் வாங்குகிறார். இந்தக் குழுவின் பன்னிரண்டு பேரும் மூன்று தெருக்களிலிருந்து வருகிறவர்கள். மூன்று தெரு என்று நான் எழுதும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இவர்கள் கடை போட்டால், பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரும்மா போட்டது?" என்று கேட்பவர்கள் உண்டு. காரம் எவ்வளவு, எண்ணெய் என்ன என்று தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி அல்ல அது.

குழுத் தலைவி என்னிடம் சொன்னார்: "அப்படிக் கேட்டா நாங்க 'எல்லாரும் சேர்ந்துதான் போட்டோம் சார்'னு சொல்லிடுவோம். வாங்கறவங்க வாங்கட்டும், வெச்சிட்டுப் போறவங்க போகட்டும்."

இந்தப் பதிலில் இருக்கிற நெஞ்சுரம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆளைப் பார்த்து ஒருவரை முன்னால் நிறுத்தி, இன்னொருவரை உள்ளே அனுப்பி வியாபாரம் செய்வது சுலபம். அவர்கள் அதைச் செய்யவில்லை. இப்படிப்பட்ட குழுவின் பையில் 'சமுதாயப் பெண்களின்' என்று அச்சடித்தால் என்ன ஆகும்? கேட்காதவனும் கேட்பான், "எந்தச் சமுதாயம்?" என்று. கேள்வியை நாமே காசு கொடுத்து அச்சடித்து அவன் கையில் கொடுத்ததாக ஆகும்.

இரண்டாவது சொல் 'கைவினை'.

கைவினை என்றால் நமக்கு என்ன தோன்றுகிறது? வில்லியனூர் சுடுமண் பொம்மை, பனை ஓலைப் பெட்டி, தஞ்சாவூர்த் தட்டு. அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற பொருள்கள். ஊறுகாயை யாரும் கைவினை என்று சொன்னதில்லை. அதற்குத் தமிழில் இருக்கும் சொல் பக்குவம். "அவங்க கைப்பக்குவம் வராது" என்று நம் வீடுகளில் சொல்லும்போது, அந்த ஒரு சொல்லுக்குள் அளவு, நேரம், வெயில், பொறுமை எல்லாம் அடங்கிவிடுகிறது. இதற்கு இணையாகப் பிரெஞ்சில் 'தூர் து மேன்' என்பார்கள். புத்தகத்தில் எழுதிவைத்தாலும் எழுத்தில் முழுக்க அகப்படாமல் சமைப்பவர் கையிலேயே தங்கியிருக்கும் நுட்பம். அந்த மொழியை எனக்குப் பதினைந்து வருஷம் கற்றுக்கொடுத்தார்கள். 'பக்குவம்' என்பதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அம்மா வாயிலிருந்து வந்தது. இப்படி ஒரு சொல் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது, பொம்மைக் கடையிலிருந்து சொல் கடன் வாங்குவானேன்?

மூன்றாவது சொல் 'சுவை'. இதில் தப்பு ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. சுவை இல்லாத ஊறுகாய் என்று எவராவது பையில் போடுவார்களா?

சரி, இதை விட்டுவிட்டு வழக்கமான வாசகங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்றால், அந்த வழிகளும் எனக்குச் சம்மதமில்லை.

'பாட்டி கைமணம்' என்று ஒருவர் சொன்னார். குழுவில் மூத்தவருக்கு ஐம்பது வயசுகூட ஆகவில்லை. இல்லாத பாட்டியைப் பையில் உட்கார வைத்து, உண்மையில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரை மறைப்பது என்ன நியாயம்? 'வீட்டிலே செய்தது' என்று இன்னொரு யோசனை. உணவு விளம்பரங்கள் பற்றி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்த விதிகளில் இதற்கு இடைஞ்சல் இருக்கிறது. வாங்குகிறவருக்குத் தவறான எண்ணம் தரக்கூடிய 'வீட்டில் செய்தது' போன்ற சொற்களைப் போடக் கூடாது என்பது விதி. குழு இப்போது பஞ்சாயத்துக் கட்டிடத்தில் ஒரு கூடம் வாங்கி அங்கேதான் வேலை செய்கிறது. பிரான்சிலும் 2014-ல் உணவகங்களுக்காக இதே மாதிரி ஒன்று கொண்டுவந்தார்கள். வாணலி மேல் கூரை வைத்த ஒரு சின்னம். அங்கேயே பச்சைப் பொருளிலிருந்து சமைத்ததற்கு மட்டும் 'பே மெசோன்', அதாவது வீட்டில் செய்தது என்று போட்டுக்கொள்ளலாம். சொல்லுக்கு ஒரு அளவுகோல் வேண்டும் என்று இரண்டு நாடும் நினைத்திருக்கிறது. நாமும் நினைத்தால் குற்றமில்லை.

மூன்றாவதாக 'பெண்களுக்குக் கைகொடுங்கள்'. இதுதான் எனக்கு ஆகவே ஆகாதது. இரக்கப்பட்டு ஒருவர் ஒரு பாட்டில் வாங்குவார், ஒரு முறை. சாப்பாட்டுத் தட்டில் போட்டுக்கொள்ளும்போது இரக்கம் ருசிக்காது. இரண்டாவது பாட்டில் வாங்க வருகிறவர் ஊறுகாய்க்காக வருகிறார். அவர்தான் வாடிக்கையாளர். முதல் ஆளுக்காக வாசகம் எழுதி இரண்டாவது ஆளைக் கோட்டை விடுவது வியாபாரமும் இல்லை, பெண்களுக்கு மரியாதையும் இல்லை.

இந்த இடத்தில் லிஜ்ஜத் அப்பளத்தை நினைத்துப் பாருங்கள். 1959-ல் பம்பாய் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, ஒரு மொட்டை மாடியில் ஆரம்பித்தது. இன்று உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எல்லோரும் பங்காளிகள். பெண்கள் கூட்டுறவு என்பதற்கு இந்தியாவில் அதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள். லிஜ்ஜத் என்றால் குஜராத்தியில் ருசி. தொலைக்காட்சி விளம்பரத்தில் அப்பளம் நொறுங்கும் ஓசையைத்தான் பாட்டாக வைத்தார்கள். உதவி கேட்கவில்லை. அதைவிட முக்கியம், அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம். மாவைக் கிளையிலேயே ஒரே அளவில் பிசைந்துவிடுவார்கள். பெண்கள் அந்த மாவை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேய்த்துக் காயவைத்து மறுநாள் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுப்பார்கள். தேய்க்கும் கைகள் ஆயிரம். மாவின் பக்குவம் ஒன்று.

நம் குழுவின் வாசகமும் இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. நான் சொல்லும் வாசகம் இது:

"பல கை, ஒரே பக்குவம்."

முதலில் 'பன்னிரண்டு கை' என்று போடலாமே என்று தலைவி சொன்னார். எண் சொன்னால் நம்பிக்கை வரும் என்பது உண்மைதான். ஆனால் பன்னிரண்டு பேருக்குக் கை இருபத்து நான்கு என்று பள்ளிக்கூடப் பையன் கூட எண்ணிச் சொல்வான் என்பது இருக்கட்டும். நாளைக்கு ஒருவர் கல்யாணமாகி வேறு ஊர் போனால், இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தால், அச்சடித்த பை பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அச்சகத்தார் பத்தாயிரம் பைக்குக் குறைந்தால் முடியாது என்கிறார்கள். குழுவின் சேமிப்பில் பெரும்பகுதி அந்தப் பைக்குள் போகிறது. பை தீர வருஷக் கணக்கில் ஆகும். அதுவரை உண்மையாகவே நிற்கக்கூடிய சொல்தான் வேண்டும். 'பல' நிற்கும்.

'பல கை' என்பது சந்தையில் அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறது. எல்லோர் கையும் பட்டதுதான். வேண்டியவர் வாங்கட்டும். தலைவி வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இனி பை சொல்லும்.

ஆனால் வாசகத்தின் பளு முழுக்க இரண்டாவது பாதியில் இருக்கிறது. 'ஒரே பக்குவம்' என்பது ஒரு வாக்குறுதி. போன மாதம் வாங்கிய ஊறுகாயும் இந்த மாதம் வாங்கியதும் ஒரே மாதிரி இருக்கும் என்ற வாக்குறுதி. அதைக் காப்பாற்ற முடியாத குழு இந்த வாசகத்தைத் தொடவே கூடாது. காப்பாற்றுவது எப்படி என்று அவர்களுடைய எலுமிச்சை ஊறுகாயை வைத்தே பார்ப்போம்.

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது பழமொழி. ஊறுகாயில் அது ருசியைப் பற்றி மட்டும் அல்ல. உப்பு குறைந்தால் ஊறுகாய் நிஜமாகவே குப்பைக்குப் போகும். உப்பையே முக்கியமாக நம்பி நிற்கும் ஊறுகாயில், மொத்த எடையில் உப்பு 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று உணவு விதி சொல்கிறது. இவர்கள் 10 கிலோ எலுமிச்சம்பழத்துக்கு 2 கிலோ உப்பு, 1 கிலோ மிளகாய்த்தூள், 100 கிராம் வெந்தயம், ஏறக்குறைய 900 கிராம் நல்லெண்ணெய் சேர்க்கிறார்கள். பெருங்காயத்தைக் கணக்கில் விட்டுவிடுங்கள். மொத்தம் 14 கிலோ. அதில் உப்பு 2 கிலோ என்றால் 14 சதவீதத்துக்குச் சற்று மேல். பத்திரமான அளவு.

இப்போது உப்பு போடுகிற கை மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கல் உப்பை டம்ளரால் அளக்கிறார். இன்னொருவர் அதே டம்ளரால் தூள் உப்பை அளக்கிறார். கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி அதிகம். டம்ளர் நிரம்பியிருக்கும், எடை குறைவாக இருக்கும். தூள் உப்புக்குப் பழகிய டம்ளர் கணக்கில் கல் உப்பைப் போட்டு, 2 கிலோவுக்குப் பதில் ஒன்றரைக் கிலோதான் விழுந்தது என்றால் மொத்தம் பதின்மூன்றரைக் கிலோ, உப்பு 11 சதவீதம். விதியின் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. போட்டவருக்குத் தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்ற நினைப்பு, ஏனென்றால் டம்ளர் அதே டம்ளர்தான்.

இது அன்றைக்குத் தெரியாது. ருசி பார்த்தாலும் சுலபமாகப் பிடிபடாது, காரமும் புளிப்பும் மறைத்துவிடும். சில வாரம் கழித்துக் கடையில் இருக்கும்போது தெரியும். மேலே வெள்ளையாக ஒரு படலம் கட்டும். சாற்றில் சிறு குமிழ் வரும். மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று வெளியேறும். பையில் கட்டியிருந்தால் பை உப்பிக்கொள்ளும். அதைப் பார்த்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார், சொல்லிவிட்டும் போகமாட்டார்.

ஆகவே 'பல கை' உண்மையாக இருக்க வேண்டுமானால், அளக்கிற வேலையைக் கையிடமிருந்து வாங்கித் தராசிடம் கொடுக்க வேண்டும். குழு இதைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. உப்பும் மிளகாய்த்தூளும் கிலோ கணக்கில் எடை போட்டபின்தான் பாத்திரத்தில் விழும். எடை போடுகிறவர் ஒருவர், நோட்டில் எழுதுகிறவர் இன்னொருவர். ஒவ்வொரு போடுக்கும் ஒரு எண், அந்த எண்ணே பையிலும் ஏறும். நான் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கோப்பு எழுதிப் பழகிய கை, ஊறுகாய்க்கும் கோப்பு கேட்கிறது. ஆனால் யாராவது ஒரு பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால், எந்த நாள் போட்டது, உப்பு எவ்வளவு விழுந்தது என்று அந்த நோட்டு ஒன்றுதான் சொல்லும். யார்மேல் பழி போடலாம் என்று தேடி மூன்று தெருவும் முகம் திருப்பிக்கொள்ளாமல் இருப்பதற்கும் அந்த நோட்டு வேண்டும்.

தராசு வந்துவிட்டால் கைக்கு வேலை இல்லையா என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. குழம்பு மிளகாய்த்தூளுக்கு வெயில் போதுமா என்று தராசு சொல்லாது. காய்ந்த மிளகாயைக் கையில் ஒடித்தால் 'சடக்' என்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னொரு நாள் வெயில். தனியாவை வறுக்கும்போது நிறத்தைவிட மூக்கைத்தான் நம்ப வேண்டும். மில்லில் அரைக்கப் போனால், நமக்கு முன்னால் அரைத்தவருடைய கோதுமையோ அரிசியோ இயந்திரத்துக்குள் தங்கியிருக்கும். அதனால் முதலில் விழுவதைத் தனியாக எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். அரைத்து வரும் பொடி சூடாக இருக்கும். அவசரப்பட்டு அப்படியே பையில் கட்டினால் உள்ளே வேர்த்து, கட்டி தட்டி, கடைசியில் பூஞ்சை பிடிக்கும். துணியில் பரப்பி, புறங்கையை வைத்தால் சூடு தெரியாத வரைக்கும் ஆறவைக்க வேண்டும். இதெல்லாம் கையின் அறிவு. ஒருத்திக்குத் தெரிந்தது பன்னிரண்டு பேருக்கும் தெரிந்தால்தான் அது குழு. ஒருத்தி மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பை ஒட்டினால் அது ஒரு முதலாளியும் பதினோரு கூலிகளும்.

அதனால்தான் இந்த வாசகம் வாங்குகிறவருக்கு மட்டும் அல்ல, குழுவுக்கும் எழுதியது என்கிறேன். உப்பு விழும் இடத்திலும், வறுக்கிற அடுப்பிலும் மாறி மாறி எல்லோரும் நிற்க வேண்டும். ஒரு தெருப் பெண்கள் எப்போதும் ருசி பார்க்க, இன்னொரு தெருப் பெண்கள் எப்போதும் பாட்டில் கழுவ என்று ஆகிவிட்டால், 'பல கை' என்பது பையில் ஒட்டிய பொய்.

இதற்கு இரண்டு ஆட்சேபம் வந்திருக்கிறது. ஒன்று, எலுமிச்சை ஒன்றுபோல் இன்னொன்று இருக்காதே, தோல் தடித்த பழமும் மெல்லிய பழமும் கலந்துதானே வரும், எப்படி 'ஒரே' என்று சொல்லலாம் என்பது. நியாயமான கேள்விதான். ஒரே பக்குவம் என்றால் ஒரே பழம் என்று பொருள் இல்லை. தடித்த தோல் ஊறக் கூடுதல் நாள் ஆகும், கொடுக்க வேண்டியதுதான். உப்பு, காய்ச்சல், வறுப்பு, ஆறவைத்தல் இவற்றில் மாறாமல் இருப்பதைத்தான் பக்குவம் என்கிறோம். பழத்தைப் பொறுத்து நாளை மாற்றத் தெரிவதும் அந்தப் பக்குவத்திலேயே சேர்ந்தது.

இரண்டாவது ஆட்சேபம் பயிற்சியாளருடையது. வாசகத்தில் 'பெண்கள்' என்ற சொல்லே இல்லையே, இது மகளிர் குழு என்று எப்படித் தெரியும் என்கிறார். பையின் பின்பக்கம் குழுவின் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் இருக்கிறது. படிக்க வேண்டியவர் படித்துக்கொள்வார். ஆண்கள் நடத்தும் ஊறுகாய்க் கம்பெனி எதுவும் 'ஆண்கள் போட்டது' என்று அச்சடிப்பதில்லை. இவர்கள் மட்டும் ஏன் தங்களை முதலில் விளக்கிக்கொண்டு பிறகு ஊறுகாயைக் காட்ட வேண்டும்?

இன்னும் தயக்கம் இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். கடையிலிருந்து நாலு கம்பெனி ஊறுகாய்ப் பை வாங்கி, பெயரை மறைத்துவிட்டு, நம் வாசகத்தை அதன்மேல் ஒட்டிப் பாருங்கள். பொருத்தமாக இருந்தால் அது நம் வாசகம் இல்லை. 'சுவை', 'பாரம்பரியம்', 'அன்பு' எல்லாப் பையிலும் ஒட்டும். 'பல கை, ஒரே பக்குவம்' இயந்திரம் ஓடும் கம்பெனிப் பையில் ஒட்டாது, தனி ஆள் நடத்தும் கடைப் பையிலும் ஒட்டாது. பிறகு அதைச் சந்தையில் வாய் விட்டுச் சொல்லிப் பாருங்கள். விற்கிற பெண் கூச்சப்படாமல் சொல்ல முடிய வேண்டும். 'சமுதாயப் பெண்களின் கைவினைச் சுவை' என்று எந்தப் பெண்ணாவது கூவி விற்பாளா?

பத்தாயிரம் பைக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு முன் இருநூறு காகிதச் சீட்டு மட்டும் அச்சடித்து, இப்போதைய வெள்ளைப் பையிலேயே ஒட்டி, நாலு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வைத்துப் பாருங்கள் என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன். பாதிச் சீட்டில் பயிற்சியாளருடைய வாசகம், பாதியில் இது. வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைப் போடு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொன்னேன். "எந்தச் சமுதாயம்?" என்று எத்தனை பேர் கேட்டார்கள், "அப்படி என்ன பக்குவம்?" என்று எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும். இரண்டாவது கேள்விக்குக் குழுவில் யாரும் பதில் சொல்ல முடியும். உப்பில் ஆரம்பித்தால் கால் மணி நேரம் பேசுவார்கள்.